செய்திப் படத்திலிருந்து எழுத்தை எடுத்து, இடம் மாறிய கொம்புகளைச் சரிசெய்த அனுபவம்

வாடிப்பட்டிப் பக்கம் வயல் வைத்திருக்கும் பெரியப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் போன்தான் அவருக்கு வாசித்துக் காட்டும். ஆனால் தண்ணீர் திறப்புச் செய்தியை யாரும் எழுத்தாக அனுப்புவதில்லை. எல்லாம் செய்திப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். "இத எழுத்தா மாத்தி அனுப்புப்பா" என்றார்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலி ஒன்று போனில் இருந்தது. மேலே இருந்த வண்ணப் பட்டையையும் லோகோவையும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். வந்த முதல் வரி இது:

```
ைவைக அைணயிலிருந்து ேபரைண முதல் கள்ளந்திரி வைர
```

"வைகை அணையிலிருந்து பேரணை முதல் கள்ளந்திரி வரை" என்று இருக்க வேண்டும். செயலி எழுத்துகளைத் தப்பாகப் படிக்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே எழுதிவிட்டது. ெ, ே, ை மூன்றும் மெய்க்கு இடப்பக்கம் தெரிந்தாலும், யூனிகோடில் மெய்தான் முதலில் வரும், குறி அதன் பின்னால். முன்னும் பின்னுமாக மாறினால் குறி அநாதையாகி, பக்கத்தில் புள்ளி வட்டம் தெரியும். ‘கள்ளந்திரி’, ‘முதல்’ இரண்டிலும் இந்தக் குறிகள் இல்லாததால் அவை பிழைத்தன.

வட்டம் தெரிகிற இடத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று தோன்றும். போதாது. ‘அைண’ என்பதில் ஐ-குறிக்கு முன்னால் உயிரெழுத்து இருப்பதால் பிழை பளிச்சென்று தெரிகிறது. ‘ேபரைண’ என்பதில் அதே குறி ‘ர’வுக்குப் பின்னால் நிற்கிறது, ‘ரை’ என்று ஒட்டிக்கொண்டு நல்ல எழுத்தைப் போலவே உட்கார்ந்திருக்கிறது. ‘வரை’ ‘வைர’ ஆகிவிட்டது, அதில் எந்த வட்டமும் கிடையாது. ‘தலைவர்’ ‘தைலவர்’ ஆவதும் இதே கதைதான்.

அதனால் தனித்தனிச் சொல்லாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, வரி முழுவதும் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்தேன். அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சரியான தமிழில் எந்தச் சொல்லும் இந்த மூன்று குறிகளில் தொடங்காது. ஆனால் அவற்றில் முடியும் சொற்கள் ஏராளம். கண் வரிசையில் எழுதியதில் நேர்மாறு: சொற்கள் குறியில் தொடங்கும், குறியில் முடியவே முடியாது. மேலே உள்ள வரியில் இரண்டு சொற்கள் குறியில் தொடங்குகின்றன, ஒன்றுகூட அதில் முடியவில்லை. ஆக, வரி முழுவதுமே கண் வரிசை. அப்படியென்றால் ஒவ்வொரு குறியையும் அதற்கு அடுத்த மெய்யோடு கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றலாம். எடுத்த எழுத்தை in.txt என்ற கோப்பில் வைத்து இந்தப் பைத்தான் நிரலை ஓட்டினேன்:

```python
import re, unicodedata
t = open("in.txt", encoding="utf-8").read()
t = re.sub("([\u0bc6-\u0bc8])([\u0b95-\u0bb9])", r"\2\1", t)
t = unicodedata.normalize("NFC", t)
print(t)
```

‘பேரணை’யும் ‘வரை’யும் ஒரே தட்டில் வந்துவிட்டன. ஆனால் இதை ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். சரியான ‘வரை’யின் மேல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, ‘வைகை’யின் மேல் ஓட்டினால் முதல் ஐ-குறி ‘க’வைத் தாண்டிப் போய்விடும். தலைப்பு சரியாகவும் உடல் பகுதி கலைந்தும் வந்திருந்தால் வரி வரியாகச் சோதித்து, கலைந்த வரிக்கு மட்டும் ஓட்ட வேண்டும்.

நிரலின் நான்காம் வரியை வேண்டாதது என்று நினைக்கக் கூடாது. செய்தியில் ‘இருபோகப் பாசனம்’ என்று இருந்தது. குறியை இடம் மாற்றிய பிறகு ‘போ’ என்பது ப, ே, ா என மூன்று துண்டாக நிற்கும். பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் விசைப்பலகையில் அடிக்கும் ‘போ’வில் ோ ஒரே குறி, அதனால் பல இடங்களில் தேடினால் சிக்காது. அந்த வரியில் உள்ள NFC ே, ா இரண்டையும் ஒன்றாக்குகிறது. இடம் மாற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

ஔகாரத்தை இது காப்பாற்றாது. ‘சௌராஷ்டிரா’வின் வலப்பக்கக் குறியைச் செயலி ‘ள’ என்றே எழுதியிருந்தால் ‘செளராஷ்டிரா’ என்றுதான் நிற்கும். எல்லா ‘ெள’வையும் மாற்றலாம் என்று கிளம்பினால் ‘வெள்ளம்’ கெட்டுவிடும். அதைக் கையால்தான் திருத்துவேன்.

கடைசியாக உருவப் பிழைகள். சிறிய எழுத்தில் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலத் தெரிவதால் ‘பாசனம்’ ‘பரசனம்’ என்று வந்தது. இதற்கு நிரல் உதவாது, நல்ல படம்தான் உதவும். பலமுறை கைமாறிய படத்துக்குப் பதிலாக, செய்தியைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தேன். ‘பரசனம்’ போய்விட்டது. தேதியையும் கன அடியையும் மட்டும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.