தாலி கட்டும் ஒரு விநாடியில் ஏழு ஃபிளாஷ்

ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் என் எடிட்டிங் அறை இருக்கிறது. கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் தேர், எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஆறு நிமிட ஹைலைட் வீடியோ செய்தேன். அடுத்த ஞாயிறு ஹோம்கமிங்கில் மண்டபத்துப் பெரிய திரையில் போடுவதற்காக. வேலை முடிந்து ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அக்கா போன் பண்ணினார்.

"அண்ணே, ஒரு விசயம் சொல்ல மறந்துட்டேன். என் மகளுக்கு வெளிச்சம் டக்கு டக்குனு மின்னினா வலிப்பு வரும். வீடியோல அப்படி ஏதும் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கும்மா. என்ன செய்யலாம்னு பார்க்கிறேன்" என்றேன். கொஞ்சம் என்று சொன்னது பொய். போனை வைத்துவிட்டு டைம்லைனைப் பார்த்தால் அதில் பாதி மின்னல்தான்.

முதலில் எனக்குத் தோன்றியது, தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரி போட்டால் போதாதா என்பது. வரியைப் படித்துவிட்டு சொந்தச் சித்தி கல்யாண வீடியோவுக்கு ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை வெளியே போய் நிற்க வேண்டுமா? அதுவும் இல்லாமல், தனக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே முதல் வலிப்பு வரும்வரை பலருக்குத் தெரியாது. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று போகிமொன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை போல மாறி மாறி மின்னின. ஏறக்குறைய 685 பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் நிறையப் பேருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. சரி, வரி போடுவதை விட்டுவிட்டு வெட்டுவதில் இறங்கினேன்.

இதற்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுகோல்தான். ஒரு விநாடிக்குள் மூன்று மின்னலுக்கு மேல் வரக்கூடாது. மின்னல் என்றால் வெளிச்சம் ஏறி இறங்குவது, அல்லது இறங்கி ஏறுவது, இரண்டும் சேர்ந்து ஒன்று. சின்ன மினுக்கம் கணக்கில் இல்லை. திரையின் முழு வெள்ளையை நூறு என்று வைத்தால், ஏற்ற இறக்கம் பத்துக்கு மேல் இருந்து, இருண்ட பக்கம் எண்பதுக்குக் கீழ் இருந்தால்தான் அது மின்னல். டிவி ஒளிபரப்பில் திரையில் கால்வாசிக்கு மேல் மின்னினால்தான் கணக்கெடுப்பார்கள். சிவப்புக்கு மட்டும் சலுகை கிடையாது. அடர் சிவப்பு வந்து வந்து போனால் வெளிச்சம் அதிகம் மாறாவிட்டாலும் ஆபத்துதான்.

நாம் எடுப்பது விநாடிக்கு 25 ஃபிரேம். ஆகவே ஒரு மின்னல் தொடங்கி அடுத்தது தொடங்க ஒன்பது ஃபிரேமாவது இடைவெளி வேண்டும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டேன்.

முதல் குற்றவாளி நான்தான். பாட்டு நிமிடத்துக்கு 150 தாளம், அதாவது ஒரு தாளத்துக்குப் பத்து ஃபிரேம். ஒவ்வொரு தாளத்திலும் கட் விழும் இடத்தில் ஒரு வெள்ளை ஃபிளாஷ் டிரான்சிஷன் போட்டிருந்தேன். பத்து ஃபிரேம் இடைவெளி, எல்லைக்குள்தான். ஆனால் கடைசி நாற்பது விநாடியில் வேகம் கூட்டுகிறேன் என்று அரைத் தாளத்திலும் ஃபிளாஷ் வைத்திருந்தேன். ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று, விநாடிக்கு ஐந்து. அங்கேயே தோற்றது. தாளத்துக்கு ஒன்று என்று இருந்த பகுதியையும் அப்படியே விட மனசு வரவில்லை. அளவுக்குள் இருந்தாலும் மின்னல் ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து உண்டு என்று பிரிட்டிஷ் ஒளிபரப்பு வழிகாட்டி சொல்கிறது. என்னுடையது அதைவிட எவ்வளவோ நீளம். எல்லா வெள்ளையையும் அழித்தேன். கட் அதே தாளத்தில்தான் விழுகிறது, பார்த்தால் வேகம் ஒன்றும் குறையவில்லை. இத்தனை வருடம் எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை.

வெள்ளையை எடுத்ததும் இன்னொன்று வெளியே வந்தது. இருட்டு டான்ஸ் காட்சியும் பகல் வெளிச்சத்தில் எடுத்த புடவைப் படங்களும் மூன்று மூன்று ஃபிரேமாக மாறி மாறி வருகிற ஒரு துண்டு. அதில் எஃபெக்ட் எதுவுமே இல்லை, வெறும் கட். ஆனால் கண்ணுக்கு இருட்டு, வெளிச்சம், இருட்டு. ஆறு ஃபிரேமுக்கு ஒரு மின்னல். இருட்டுக் காட்சிகளை ஒன்றாகவும் பகல் படங்களை ஒன்றாகவும் சேர்த்து அடுக்கியதும் சரியானது.

அடுத்தது தாலி கட்டும் இடம். இதை வெட்ட முடியாது. மாப்பிள்ளை குனிகிறார், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகிறது, சுற்றி நின்ற அத்தனை பேரின் கேமராவும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. வெறும் கண்ணால் எண்ண முடியவில்லை. அதனால் வெளிச்சத்தை எண்ணாக எடுத்தேன். FFmpeg என்ற மென்பொருள் இலவசம்தான், ஒவ்வொரு ஃபிரேமின் சராசரி வெளிச்சத்தையும் ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்கும்:

```
ffmpeg -i mix.mp4 -vf signalstats,metadata=print:key=lavfi.signalstats.YAVG:file=yavg.txt -an -f null -
```

ஃபைலைத் திறந்தால் தாலி கட்டும் இடத்தில் இப்படி இருந்தது:

```
frame:2041 pts:1044992 pts_time:81.64
lavfi.signalstats.YAVG=60.8
frame:2042 pts:1045504 pts_time:81.68
lavfi.signalstats.YAVG=148.2
frame:2043 pts:1046016 pts_time:81.72
lavfi.signalstats.YAVG=61.1
```

இந்த எண்ணில் கறுப்பு 16, வெள்ளை 235. 60இலிருந்து 148க்குத் தாவல் என்றால் பாதிகூட இல்லையே என்று ஏமாறக்கூடாது, வீடியோவின் எண் உண்மையான வெளிச்சத்துக்கு நேர்விகிதம் இல்லை. 16ஐக் கழித்து 219ஆல் வகுத்து, வந்ததை 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் 60 என்பது நூற்றில் சுமார் 3, 148 என்பது சுமார் 33. முப்பது புள்ளி ஏற்றம், எல்லை பத்துதான். அடுத்த ஃபிரேமிலேயே பழைய இடத்துக்கு விழுந்துவிட்டது. இது முழு மின்னல். அந்த ஒரு விநாடியில் இப்படி ஏழு.

சராசரிக்கு ஒரு குறை உண்டு. திரையின் ஒரு மூலை மட்டும் மின்னினால் மற்ற மூன்று மூலையும் அதை அமுக்கிவிடும். அதனால் `signalstats`க்கு முன்னால் `crop=iw/2:ih/2:0:0` என்று சேர்த்து ஒரு கால் பகுதியை மட்டும் அளந்தேன். கடைசி இரண்டு எண்ணை மாற்றி மாற்றி நான்கு மூலை, அப்புறம் நடு. ஐந்து தடவை ஓட்ட வேண்டியிருந்தது. இடது மேல் மூலையில் இன்னும் இரண்டு ஃபிளாஷ் அகப்பட்டன.

இனி வைத்தியம். கேமரா ஃபிளாஷ் ஒரு ஃபிரேமுக்கு மேல் நிற்காது. அந்த ஒரு ஃபிரேமை மட்டும் வெட்டிவிட்டு, அதற்கு முந்தைய ஃபிரேமை இரண்டு தடவை காட்டினால் போதும். 25இல் ஒன்று நின்று போவதை யாரும் பார்க்கமாட்டார்கள், சத்தத்தையும் தொட வேண்டியதில்லை. சில இடங்களில் ஃபிளாஷ் ஒரு ஃபிரேமின் கீழ்ப்பாதியில் வெள்ளைப் பட்டையாகவும் அடுத்த ஃபிரேமின் மேல்பாதியில் இன்னொரு பட்டையாகவும் விழுந்திருந்தது. சென்சர் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் வருவது அது. அங்கே இரண்டு ஃபிரேமையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஏமாந்து, மறுபடி ஓட்டியபோதுதான் கண்டுபிடித்தேன். தாலி முடிச்சு விழும்போது ஒன்று, பூ தூவும்போது ஒன்று என்று இரண்டு ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்தேன். ஒன்றுகூட இல்லாமல் செய்தால் அது கல்யாணம் மாதிரியே இல்லை.

டான்ஸ் காட்சிதான் இரண்டு இரவைத் தின்றது. டிஜேயின் ஸ்ட்ரோப் லைட் மூன்று ஃபிரேமுக்கு ஒன்று, விநாடிக்கு எட்டுக்கு மேல். 50 ஃபிரேமில் எடுத்ததுதானே, பாதி வேகத்தில் ஓட்டுவோம் என்று பார்த்தால் விநாடிக்கு நாலு. இன்னும் தோல்விதான். அதில் ஓரிடத்தில் நான்கு மடங்கு வேகம் வேறு வைத்திருந்தேன். அங்கே மெதுவாக மாறுகிற கலர் லைட்கூட ஸ்ட்ரோப்பாகிவிட்டது. விநாடிக்கு இரண்டு தடவை மாறுவது நான்கு மடங்கில் எட்டு. வேகம் கூட்டுகிற எவரும் இதை நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை.

FFmpeg இல் `photosensitivity` என்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. மின்னுகிற ஃபிரேமை முந்தியவற்றோடு கலந்து தணிக்கும். ஓட்டிப் பார்த்தேன். மின்னல் அடங்கியது, ஆனால் ஆடுகிறவர்களின் கைகள் பேய்ப்படம் மாதிரி பின்னால் நிழலாக இழுபட்டன. பிறகு பிரகாசமான ஃபிரேம்களை மட்டும் இறக்கிப் பார்த்தேன். 60க்குப் பக்கத்தில் 100ஐத் தாண்டாமல் வைத்தால் கணக்குப்படி பத்துக்குள் நிற்கும். நின்றது, ஆனால் படம் சாம்பல் பூசினது போல இருந்தது. கடைசியில் ஸ்ட்ரோப் காட்சியில் ஒரே ஃபிரேமை நிறுத்திப் படமாக வைத்து, மேலே மெதுவாக ஜூம் போட்டு, மிச்ச நேரத்தை ஓரமாக உட்கார்ந்து கைதட்டுகிற அப்பாயி, நாற்காலிக்கடியில் ஒளிகிற பிள்ளைகள் என்று நிரப்பினேன். அப்பாயி ஷாட் முதல் எடிட்டில் இல்லவே இல்லை. இப்போது எல்லாரும் கேட்பது அதைத்தான்.

ஒரு விசயம் அந்த எண்ணில் தெரியாது: சிவப்பு. சராசரி வெளிச்சம் மாறாமலே சிவப்பும் நீலமும் மாறி மாறி வரலாம். அதனால் கலர் லைட் வருகிற ஒவ்வொரு இடத்தையும் ஃபிரேம் ஃபிரேமாகத் தட்டிப் பார்த்து, சிவப்பின் அடர்த்தியைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். ஒளிபரப்புக்காரர்கள் இதற்கென்றே காசு கொடுத்து வாங்குகிற சோதனை மென்பொருள் உண்டு, என் தொழிலுக்கு அது கட்டாது. ஆகவே இது அளந்து குறைத்த வீடியோ, டொக்டர் சீட்டு இல்லை என்று அந்த அக்காவிடம் சொன்னேன். சோதிப்பதற்காகப் பிள்ளைக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். மண்டபத்தில் லைட்டை முழுக்க அணைக்காமல், பிள்ளையைத் திரையிலிருந்து தள்ளி உட்கார வைக்கும்படி கேட்டேன். சுற்றிலும் இருட்டாக இருந்து திரை பக்கத்தில் இருந்தால் அதே மின்னல் இன்னும் பலமாகத் தாக்கும். "டொக்டரும் அதைத்தான் சொன்னார்" என்றார்.

ஞாயிறு நானே பென் டிரைவோடு போனேன். பிள்ளை ஐந்தாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தது. வீடியோ போட இன்னும் பத்து நிமிடம். மேடைக்குப் பக்கத்தில் டிஜே தம்பி வயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்ட்ரோப் லைட்டை ஒரு தடவை தட்டினார். மூன்று இரவு நான் ஃபிரேம் ஃபிரேமாக எடுத்ததெல்லாம் மண்டபச் சுவர் முழுக்க அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கத்தவில்லை. உள்ளங்கையால் ஒரு கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தது. இரண்டு கண்ணையும் மூடினால் வெளிச்சம் இமை வழியே போகும், ஒரு கண்ணைக் கையால் முழுக்க மறைக்க வேண்டும் என்று யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"தம்பி, அத கழட்டிருங்க" என்றேன்.

"ஏண்ணே, ஆட்டத்துக்கு அதுதானே?"

காரணத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டார். நிகழ்ச்சி முடியும்வரை அது என் பையில்தான் இருந்தது.