பால் பாக்கெட்டும் தைராய்டு மாத்திரையும்

தைராய்டு குறைபாட்டைக் காட்டும் டிஎஸ்எச் அளவு எனக்கு 11.4 என்று வந்திருந்தது. 75 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் குறையவில்லை. மருத்துவர் உடனே அளவைக் கூட்டிவிடவில்லை. "இப்போது இருக்கும் டப்பாவை எப்போது திறந்தீர்கள்? வீட்டுக்குப் போய் மிச்சத்தை எண்ணிச் சொல்லுங்கள்" என்றார்.

நூறு மாத்திரை டப்பா அது. பிப்ரவரி 1 அன்று திறந்தது. மூடியில் தேதி எழுதியிருந்தேன். ஏப்ரல் 30 இரவு மேசையில் கொட்டி எண்ணினேன். 11 இருக்க வேண்டும், 38 இருந்தது. 89 நாளில் 27 நாள் நான் மாத்திரையே போடவில்லை. இரண்டு மூன்று நாள்தான் விட்டிருப்பேன் என்று மனமார நம்பிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைச் சொன்னதும், "அளவு அப்படியே இருக்கட்டும், முதலில் தினமும் போடுங்கள்" என்றார் மருத்துவர்.

இத்தனைக்கும் காலை 6 மணி அலாரம் அதுவரை ஒருநாளும் தவறியதில்லை. அது அடித்தபோது நான் படுக்கையில் இருந்தேன், மாத்திரை சமையலறையில் இருந்தது. கை தானாக அலாரத்தை நிறுத்தும். எழுந்து நடப்பதற்குள் அலுவலக நினைவுகள் வந்துவிடும். பிறகு காபி குடித்துவிடுவேன்; குடித்த பிறகுதான் மாத்திரை நினைவுக்கு வரும். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காபியோடு போட்டால் உடம்பு அதைச் சரியாக ஏற்றுக்கொள்ளாது. "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்ட நாள்கள்தான் அந்த 27.

ஆகவே, நான் மறக்கவே மறக்காத காரியம் எது என்று யோசித்தேன். விடிந்ததும் வாசல் கதவைத் திறந்து, பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவந்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றுவேன். காய்ச்சலோடு கிடந்த நாளில்கூட அது நின்றதில்லை. அடுப்பிலிருந்து தள்ளி, அந்தக் கத்தரிக்கோல் இருக்கும் தட்டிலேயே மாத்திரையை வைத்தேன். மாத்திரையைப் போட்ட பிறகுதான் பாக்கெட்டை வெட்டுவது. பால் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். குளித்து, விளக்கேற்றி, துணி மடித்து முடிக்கும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகு காபி.

அலாரத்தை எடுத்துவிடவில்லை, அதன் வேலையை மாற்றினேன். பால் காய்ச்சும் நேரம் தாண்டி 6.45க்கு அடிக்கும். பெயர் வைக்கும் இடத்தில் "காலைப் பெட்டி காலியா?" என்று எழுதிவைத்தேன். பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் அதை நிறுத்துவதில்லை. போனையும் படுக்கையறையிலிருந்து சமையலறைச் சார்ஜருக்கு மாற்றினேன். தொடக்கத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் அலாரத்தைக் குறித்திருந்தேன்; முதல் ஞாயிறே தாமதமாக எழுந்து நேராகக் காபிக்குப் போய்விட்டேன். அன்றே ஏழு நாளையும் குறித்தேன்.

பெட்டி என்றது ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியை. பழக்கம் படியப் படிய வேறொரு சிக்கல் வருகிறது: கை தானாகச் செய்துவிடுவதால், போட்டோமா இல்லையா என்பதே தெரிவதில்லை. சந்தேகத்தில் இரண்டாவது முறை போட்டுவிடும் ஆபத்து உண்டு. செவ்வாய் அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. ஈரமும் வெளிச்சமும் மாத்திரைக்கு ஆகாது என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஞாயிறு இரவு எடுத்து நிரப்புகிறேன். மற்றவை டப்பாவிலேயே இருக்கும்.

நான் போடும் மற்ற இரண்டு மாத்திரைகளும் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால் கால்சியத்தை மதியத்துக்குத் தள்ளினேன். அட்டை இப்போது சாப்பாட்டுப் பையில், ஸ்பூனோடு இருக்கிறது. இதற்கு முதலில் 1.30க்கு அலாரம் வைத்திருந்தேன். கூட்டத்தின் நடுவில் அடித்தால் நிறுத்துவேன், அத்தோடு மறந்துபோகும். இரவு, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை உணவோடு போட வேண்டும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டுக்கும் நடக்கும், பத்தரைக்கும் நடக்கும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. கவிழ்த்துவைத்த என் தட்டின் மேலேயே அட்டையை வைத்துவிடுகிறேன். அதை எடுக்காமல் தட்டை நிமிர்த்த முடியாது.

எட்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் 3.2. அதே 75 மைக்ரோகிராம்தான்.

ஊருக்குப் போனால் மட்டும் இந்த ஏற்பாடு குலைகிறது. போன மாதம் அக்கா வீட்டில் நான் எழுவதற்கு முன்பே அவர் பால் காய்ச்சி, காபியோடு வந்து நின்றார். அடுத்த இரவே பெட்டியைப் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ரப்பர் பேண்டால் கட்டிவைத்தேன். காலையில் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "காபியை முக்கால் மணி கழித்துத் தரட்டுமா?" என்று கேட்டார்.