தராசு வைத்து மோர் மிளகாய்: சேலம் வெயிலிலும் ஏற்காட்டு மூடுபனியிலும்

மோர் மிளகாய் காய்ந்ததா இல்லையா என்று கையால் அழுத்திப் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். சேலத்து மொட்டை மாடியில் பங்குனி, சித்திரையில் அது போதும். ஏற்காட்டில் அதே பக்குவம் போட்டால் பாதி மிளகாயின் காம்படியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் வருகிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது சமையலறைத் தராசு. ஒரு கிராம் வரை காட்டினால் போதும்.

அளவு இது: பச்சை மிளகாய் 1 கிலோ, தண்ணீர் சேர்க்காமல் கடைந்த புளித்த கெட்டித் தயிர் அரை கிலோ, உப்பு 100 கிராம். கல் உப்பில் ஈரம் இருக்கும், அதனால் வெயிலில் காட்டிவிட்டு எடை போடவும். மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி, மேல் ஈரம் போனபின் நீளவாக்கில் ஒரு கீறல். காம்பும் நுனியும் அப்படியே இருக்கட்டும். கீறாமல் போட்டால் மிளகாயின் மெழுகுத் தோலைத் தாண்டி உப்பும் புளிப்பும் உள்ளே போகாது. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே விதை கறுத்துப் போயிருக்கும்.

மொத்தம் 1,600 கிராம். பச்சை மிளகாயில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர், தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக சுமார் 1,310 கிராம் தண்ணீர், உப்பையும் சேர்த்து 290 கிராம் திடப்பொருள். இந்தத் தண்ணீரில் உப்பு 7 சதவீதம். இது எந்தக் கிருமியையும் கொல்லாது. ஆனால் உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் கிருமிக்கு எளிதில் கிடைக்காது. அதை இழுக்கத் தன் உடலுக்குள்ளும் ஏதாவது கரைபொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கே அதன் சக்தி செலவாகிறது. இப்படிக் கிடைக்கும் நீரை உணவு அறிவியலில் நீர்ச் செயல்பாடு என்று அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. நம் ஜாடியில் முதல் நாள் 0.96 அளவில் இருக்கும். அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் பலவும் 0.91க்குக் கீழே வளர முடியாது. பூஞ்சைகள் அதைவிடப் பிடிவாதமானவை.

முதல் நாள்களில் உப்பைவிடக் காவல் காப்பது புளிப்பு. தயிரிலுள்ள லாக்டிக் பாக்டீரியா இந்த உப்பைத் தாங்கிக்கொண்டு மெதுவாகப் புளிக்க வைக்கும். அமிலம் மற்றக் கிருமிகளின் உடலுக்குள் புகுந்து அவற்றைத் தடுமாற வைக்கும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 4.6க்குக் கீழே காட்ட வேண்டும், 4 பக்கம் வந்தால் நல்லது. சேலத்துச் சூட்டில் பீங்கான் ஜாடியில் இரண்டு நாள் ஊறினால் போதும். ஏற்காட்டுக் குளிரில் மூன்று, நான்கு நாள் ஆகும். காலை மாலை இரு வேளையும் கிளறவும். கிளறாத ஜாடியில் மோருக்கு மேலே வெள்ளை ஏடு படியும். அது ஈஸ்ட். விஷமில்லை, ஆனால் அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைத்து, அடுத்து வரும் கிருமிக்கு வழி திறந்துவிடும். மெல்லிய ஏட்டை வழித்து எறிந்து, பி.எச். மறுபடி பார்க்கவும். பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறத்தில் நூல் நூலாக இருந்தாலோ மிளகாய் கொழகொழத்தாலோ முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும்.

பிறகு பகலில் காயப்போட்டு, மாலையில் திரும்ப மோரிலேயே போடுவது. மோர் வற்றும்வரை இதைச் செய்வது வெறும் ருசிக்காக மட்டுமல்ல. பாதி காய்ந்த மிளகாய் இரவு முழுக்க ஈரக் காற்றில் கிடக்காமல், உப்பும் புளிப்பும் உள்ள இடத்தில் கிடக்கிறது.

மோர் வற்றியபின்தான் தராசு வேலை. காலித் தட்டின் எடையைக் குறித்துக்கொண்டு தினமும் மாலையில் நிறுத்துப் பார்க்கலாம். தண்ணீர் போகும், உப்பு போகாது. எடை சுமார் 645 கிராமுக்கு இறங்கும்போது மிச்சத் தண்ணீரில் உப்பு 22 சதவீதம் ஆகிவிடும், நீர்ச் செயல்பாடு 0.82. ஏறத்தாழ 600 கிராமில் 0.78. மிளகாயில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சைக்கு அதற்குக் கீழே வளர்வது மிகக் கடினம். அந்த நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் முழுதாகப் போகாது, அதனால் பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்து வறுப்பது ஆபத்து. சுமார் 570 கிராமில் உப்பு இனிக் கரைய இடமில்லாத நிலை, 0.75. மிளகாயின் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் உண்மை நிலை இந்தக் கணக்கைவிடச் சற்றுப் பாதுகாப்பானதே. ஆக, மோர் வற்றியதிலிருந்து 600 கிராம் வரும்வரை உள்ள தூரத்தை வேகமாகக் கடக்க வேண்டும். ஒரே அடுக்காகப் பரப்பி, நடுப்பகலில் ஒருமுறை புரட்டினால் சேலத்து வெயிலில் இது சிரமமில்லை.

இரத்தக் கொதிப்புக்காக உப்பைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு காட்டும். 50 கிராம் உப்பு போட்டால் திடப்பொருள் 240. எடை 600 வரும்போது உள்ளே இன்னும் 360 கிராம் தண்ணீர், அதில் உப்பு 12 சதவீதம், நீர்ச் செயல்பாடு 0.92 அளவு. பார்வைக்கு அதே சுருக்கம், அதே நிறம், பூஞ்சைக்கு மட்டும் அது இன்னும் விருந்து. உப்பைக் குறைப்பவர்கள் 400 கிராமுக்குக் கீழே எடை வரும்வரை நம்பக் கூடாது.

இப்போது ஏற்காடு. சேலத்தைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மாலையானால் மூடுபனி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மேலே சொன்ன 0.75க்கும் இந்த 75க்கும் அடிப்படை ஒன்றுதான். 520 கிராமுக்கு வந்த தட்டை இரவில் திண்ணையில் விட்டால் காலையில் 600 காட்டினாலும் ஆச்சரியமில்லை. பகலில் விட்ட ஈரத்தை இரவில் திரும்ப வாங்கிக்கொண்டு, அபாய எல்லையிலேயே நாள் கணக்கில் நிற்கும். மூன்றரை, நான்கு மணிக்கே உள்ளே எடுத்து, சூடு ஆறியபின் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போடவும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்தத் துளியே கீழே விழும்.

நாள் முழுக்க மழை என்றால் டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைக்கலாம். 4 டிகிரியில் கிருமியின் வேலை மிகவும் மந்தமாகிறது, நிற்பதில்லை. குளிரில் வளரும் ஈஸ்ட்டும் பூஞ்சையும் உண்டு. உப்பும் புளிப்பும் ஏற்கெனவே இருப்பதால் நான்கைந்து நாள் தாங்கும். அடை மழையானால் சேலத்துக்கு இறங்கும் யாரிடமாவது கொடுத்தனுப்புவதே மேல்.

முடிவு எடை 320 கிராம், அதாவது ஈரம் பத்தில் ஒரு பங்கு. மோர் பாத்திரத்தில் ஒட்டியது, உதிர்ந்த விதை எல்லாம் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். கடும் வெயிலில் தோல் சுருங்கிக் கீறல் மூடிக்கொண்டால் உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். இருப்பதில் தடித்த மிளகாயாக ஒன்றை எடுத்துக் காம்புக்குக் கீழே ஒடிக்கவும். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டு சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால், பூஞ்சணம் தொடங்கும் இடம் அதுதான். முறிந்தால் கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பி இரண்டு நாள் மூடி வைக்கவும். பாட்டில் சுவரில் ஆவி படிந்தாலோ மிளகாய் மெத்தென்று ஆனாலோ மறுபடி ஒரு வெயில். ஏற்காட்டில் வைப்பவர்கள் பெரிய ஜாடிக்குப் பதில் வாரத்துக்கு ஆகும் அளவில் சின்னச் சின்ன பாட்டில்களாகப் பிரித்து வைக்கவும், திறக்கும் ஒவ்வொரு முறையும் மூடுபனிக் காற்று உள்ளே போகிறது.