5100ஐ வெட்டி 4300 ஆக்கின கதை

அல்கோரிதம் சோதினை. யாழ்ப்பாணத்து ஏப்ரல் வெயில், தலைக்கு மேல ஒரு ஃபேன் சுத்துற சத்தம் மட்டும். மூண்டாவது கேள்வியில நாலு தாயங்கள் வரிசையா: A1 10×30, A2 30×5, A3 5×60, A4 60×8. எப்படி அடைப்புப் போட்டால் பெருக்கல் ஆகக் குறையும்? அடைப்பு போடக்கூடிய வழி அஞ்சுதான். அஞ்சையும் எழுதிப் பார்த்திடலாம் எண்டு கை துடிச்சது. ஆனா கேள்வி, ஒவ்வொரு துண்டுக்கும் ஆகக் குறைஞ்ச பெருக்கல் எண்ணிக்கையை, அதாவது செலவை, எழுதுற அட்டவணையை நிரப்பிக் காட்டச் சொல்லுது.

முதல் மூலைவிட்டம் சுகம். பக்கத்துப் பக்கத்துச் சோடிகள்: A1A2 10×30×5 = 1500, A2A3 9000, A3A4 2400. அடுத்தது மூண்டு மூண்டாய். A1 முதல் A3 வரைக்கும் A1க்குப் பிறகு பிரிச்சால் 27000, A2க்குப் பிறகு பிரிச்சால் 4500. எவ்வளவு வித்தியாசம் பாருங்கோ, அடைப்பு மட்டும்தான் மாறினது. A2 முதல் A4 வரைக்கும் 3600. ஒவ்வொரு பெட்டியிலயும் செலவுக்குக் கீழ, எந்த இடத்தில பிரிச்சனான் எண்டு சின்னதா k எழுதிக்கொண்டு வந்தன். அதை எழுதாட்டில் கடைசியில செலவு தெரியும், அடைப்பு தெரியாது.

கடைசிப் பெட்டியிலதான் கோட்டை விட்டன். மூண்டு பிரிப்பையும் பார்க்க வேணும், ஒவ்வொண்டிலயும் இரண்டு பக்கச் செலவோட கடைசிப் பெருக்கலையும் கூட்ட வேணும். கடைசிப் பெருக்கலுக்கு A1இன் நிரை 10ஐ எடுக்கிறதுக்குப் பதிலா, அதின்ர நிரல் 30ஐ எடுத்திட்டன். நடுவில பிரிச்சால் 1500 + 2400 + 30×5×8 = 5100. மற்ற இரண்டும் இதைவிடக் கூட, அதால 5100ஐ வட்டம் போட்டு, (A1A2)(A3A4) எண்டு எழுதியாச்சு.

எங்கட பட்ச் அண்ணா ஒருத்தர் முதல் கிழமை சொன்னது அப்பதான் ஞாபகம் வந்தது: "அட்டவணையை மறந்திட்டு, எழுதின அடைப்பை அப்படியே பெருக்கிப் பாரடா. இரண்டு எண்ணும் ஒண்டா வரவேணும்." பெருக்கினன். A1A2க்கு 1500, அது 10×5 ஆகுது. A3A4க்கு 2400, அது 5×8. இரண்டையும் சேர்க்க 10×5×8 = 400. மொத்தம் 4300. அட்டவணையில 5100!

800 எங்க போச்சு? 1200க்கும் 400க்கும் இடையில. 30க்கும் 10க்கும் இடையில. பிடிபட்டிட்டுது.

பிறகு அந்தப் பெட்டியை முழுசாத் திரும்பச் செய்தன்: முதல் பிரிப்பு 6000, நடுப் பிரிப்பு 4300, மூண்டாவது 9300. அடைப்பு மாறேல்லை, அது என்ர அதிர்ஷ்டம். வேற அளவுகள் வந்திருந்தா பிழையான எண் பிழையான பிரிப்பையே காட்டியிருக்கவும் கூடும். அப்ப அடைப்பும் பிழைச்சிருக்கும்.

5100ஐ ஒரு கோட்டால வெட்டி, பக்கத்தில 4300 எழுதி முடிக்க, தாள் கட்டுறதுக்கு நூல் குடுக்கத் தொடங்கிட்டினம். நாலாவது கேள்வியின்ர கடைசிப் பகுதி வெறுமையாத்தான் போனது.