நெல் மூட்டை 1,800, அரிசி கிலோ எவ்வளவு? எங்க மில்லுல நான் போட்ட கணக்கு

ஆத்தூர் பக்கம் எங்க அப்பா நடத்துற ரைஸ் மில், புழுங்கல் அரிசிதான் முக்கியம். போன வருஷம் பொங்கல் முடிஞ்சதும் அக்கவுண்ட்ஸ என் கையில குடுத்தாரு. அதுவரைக்கும் அவர் மனக்கணக்குலயே ஓட்டுனவரு. நான் எக்ஸல்ல போட்டேன், கிலோ அரிசி 37.44-னு அடக்கவிலை வந்துச்சு, சேலம் லீ பஜார் கடைக்காரருக்கு 41-க்கு பேசி சிப்பம் சிப்பமா அனுப்பியாச்சு. கிலோவுக்கு மூணரை ரூபா நிக்கணும். மாசக் கடைசில அடுத்த லோடு நெல்லுக்கு பணம் பத்தல. யாரும் ஏமாத்தல, பாக்கி எல்லாம் வசூலாயிருச்சு, ஆனா பணம் இல்ல. அந்த கணக்கு எங்க தப்புச்சுன்னு கண்டுபிடிச்ச கதைதான் இது, புதுசா மில் கணக்கு பாக்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

நான் மொதல்ல போட்டது இப்படி. 200 மூட்டை நெல்லு, மூட்டை 75 கிலோ, மொத்தம் 15,000 கிலோ. மூட்டை 1,800 வீதம் 3,60,000. லாரி வாடகை, ஏத்துக்கூலி இறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன் எல்லாம் சேத்து 18,000. அரவைச் செலவுல கரண்ட் 9,450, ஆள் கூலி 9,000, ரப்பர் ரோல் மாதிரி ஸ்பேர்ஸ் 3,000, சிப்பப் பை 5,550, வட்டியும் தேய்மானமும் 12,000, ஆக 39,000. மொத்த செலவு 4,17,000. இதுல இருந்து குருணை, தவிடு, உமி வித்து வர்ற காசக் கழிச்சா மிச்சம்தான் அரிசியோட அடக்கம். முறை சரிதான், ஆடிட்டரும் அதையேதான் சொன்னாரு, உபபொருளை விக்கிற செலவு போக கைக்கு வர்ற விலைக்கு மதிச்சு மெயின் பொருளோட அடக்கத்துல கழிக்கணும், ஏ.எஸ். 2-ங்கற அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் சொல்றதும் அதான்னு. நான் தப்பு பண்ணது முறையில இல்ல, எந்த எடைய எடுத்தேன், எந்த விலைய எடுத்தேன்ங்கறதுல.

அரிசி 64 சதவீதம், உமி 22, தவிடு 8, குருணை 5-னு போட்டு நேரா 15,000 கிலோவால பெருக்கிட்டேன். 9,600 கிலோ அரிசி, 3,300 கிலோ உமி, 1,200 கிலோ தவிடு, 750 கிலோ குருணை. உமி கிலோ 4, தவிடு 22, குருணை 24-னு போட்டதுல செலவுல கழிக்கற தொகை, அதாவது கழிவு, 57,600 வந்துச்சு. மிச்சம் 3,59,400, அத 9,600-ஆல வகுத்தா 37.44. பேப்பர்ல பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு.

அடுத்த லோடும் அதே 200 மூட்டை, அதே விலைக்குத்தான் வந்துச்சு. இந்த வாட்டி எல்லாத்தையும் எடை போட்டே தீருவேன்னு நின்னேன். இறக்கும்போது மாய்ச்சர் மீட்டர்ல ஈரம் 17 சதவீதம் காட்டுச்சு. கிளீனர்ல போட்டதும் கருக்காய், வைக்கோல், மண்ணு, கல்லுன்னு 225 கிலோ போயிருச்சு, மிச்சம் 14,775. அப்புறம் தொட்டில ஊற வெச்சு, ஆவில அவிச்சு, டிரையர்ல 13 சதவீதத்துக்கு காய வெச்சோம். ஊறும்போது ஏறுன தண்ணி திரும்ப எறங்கிரும், அது கணக்குல வராது, ஆனா நாம வெல குடுத்து வாங்குன நெல்லுல இருந்த 17-க்கும் 13-க்கும் நடுவுல இருக்கற தண்ணி காத்தோட போகும். அதுக்கு ஷீட்ல போட்டது இதுதான்:

```
=14775*(100-17)/(100-13)
```

14,096 கிலோ வருது. நெசமா எடை போட்டப்ப 14,050 நின்னுச்சு, ஊறவெச்ச தண்ணியோட கரைஞ்சதும் சிந்துனதும் மீதி. அதாவது 15,000 கிலோவுக்கு காசு குடுத்துட்டு உமி உரிக்கற ஷெல்லருக்கு போனது 14,050 தான். நான் வெச்சிருந்த 64 சதவீதமும் 22 சதவீதமும் தப்பே இல்ல, அது காஞ்ச நெல்லுக்கான சதவீதம், நான் அத ஈர நெல்லு எடையால பெருக்கிட்டேன். வந்த அரிசி 9,000 கிலோ. கொறைஞ்ச இந்த 600 கிலோ அரிசி மட்டுமே அடக்கத்த கிலோவுக்கு ரெண்டரை ரூபா ஏத்திருச்சு.

இன்னொரு ரெண்டரை ரூபா கழிவுல ஒளிஞ்சிருந்துச்சு, அதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது. உமிய சொல்றேன். உமிய எடை போடுறது கஷ்டம், ப்ளோயர்ல பறந்து உமி ரூமுக்கு போயிரும். நாங்க ப்ளோயர் வாயில தார்ப்பாய் சாக்கு கட்டி 15 நிமிஷம் பிடிச்சோம், 110 கிலோ. மில்லு மணிக்கு ரெண்டு டன் ஓடுது, 14,050 கிலோ அரைக்க ஏழு மணி நேரம், ஆக சுமார் 3,090 கிலோ உமி. இதுல எவ்வளவு வித்தோம்? பாய்லர் பாக்குற அண்ணன்கிட்ட கேட்டேன், "தம்பி, உமி விக்கறது மிச்சத்தத்தான், மொதல்ல பாய்லருக்குத்தான் போவுது"ன்னாரு. கூடை எண்ணச் சொன்னேன், பத்து கூடைய எடை போட்டு சராசரி 13 கிலோ எடுத்தேன், அவிக்கவும் காய வைக்கவும் சேத்து 150 கூடை, 1,950 கிலோ எரிஞ்சிருக்கு. விக்க மிஞ்சுனது 1,140 கிலோ.

நான் 3,300 கிலோவையும் 4 ரூபா வெச்சு வருமானமா காட்டிட்டு, பாய்லருக்கு எரிபொருள் செலவுன்னு ஒரு ரூபா கூட போடல. எரிச்ச உமிக்கு காசு வந்த மாதிரி எழுதுனா எரிபொருள் செலவுலயும் அதே காசு நிக்கணும், இல்லன்னா ரெண்டு பக்கமும் விட்டுரணும். நான் இப்ப ரெண்டு பக்கமும் விட்டுட்டு வித்த உமிய மட்டும் எழுதுறேன். ஆனா எரிச்ச கூடைய எண்ணி தனியா குறிச்சு வெப்பேன், ஏன்னா நெல்லு ஈரமா வந்தாலோ ஆவி பைப் லீக்கானாலோ அந்த எண்ணிக்கைதான் மொதல்ல ஏறும். கூலிக்கு பச்சரிசி அரைக்கிறப்ப அவிக்கற வேலை இல்ல, உமி முழுசும் மிஞ்சும், அந்த லாட்டுக்கு கணக்கே வேற. மழைக்காலத்துல செங்கல் சூளை நின்னுரும், உமி கேக்க ஆள் இருக்காது, கோழிப்பண்ணைக்காரங்க காஞ்ச உமின்னாதான் எடுப்பாங்க, அதனால 4 ரூபாங்கறதும் வருஷம் முழுக்க நிக்காது.

தவிடு 980 கிலோ வந்துச்சு, குருணை 490, கலர் சார்ட்டர் தள்ளுன கருப்பரிசி 140. நான் போட்ட 22, 24-ங்கறது புரோக்கர் போன்ல சொன்ன விலை. கைக்கு வந்தது தவிடு 20, அதுலயும் சாக்கு, ஏத்துக்கூலி போக 19. குருணை 22, கமிஷன் போக 21. கருப்பரிசி தீவனத்துக்கு 16. தவிட்டுக்கு ரெண்டு ரூபா ஏன் கொறைஞ்சுச்சுன்னா ஆயில் மில்காரங்க டெஸ்ட் பண்ணிப் பாத்து உமித்தூள் கலந்திருக்குன்னு கழிச்சுட்டாங்க, ஷெல்லர் ஆஸ்பிரேட்டர் காத்து சரியா இழுக்காம உமி, தவிட்ட சீவி எடுக்கற ஒயிட்னருக்கு போனதுதான் காரணம், எண்ணெய் சதவீதம் அப்படியே இறங்கிரும். அத சரி பண்ண ஒரு நாள் வேலைதான், அது தெரியாமலே எத்தன லோடு போச்சோ.

ஆக நெசமான கழிவு தவிடு 18,620, குருணை 10,290, கருப்பரிசி 2,240, உமி 4,560, மொத்தம் 35,710. 4,17,000-ல இத கழிச்சா 3,81,290, 9,000 கிலோவுக்கு 42.37. நான் 41-க்கு வித்தேன். லோடுக்கு 12,000-க்கு மேல கைய விட்டு போயிருக்கு, நான் லாபம்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். அப்பாகிட்ட இத காட்டுனப்ப ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "உமி எரியறது எனக்கு தெரியும்டா, நான் அத எப்பவும் கணக்குலயே சேத்ததில்ல"ன்னாரு. அவர் மனக்கணக்கு எக்ஸல் இல்லாமயே சரியா இருந்திருக்கு.

இதுக்கப்புறம் இன்னொரு விஷயத்துலயும் மாட்டுனேன். மூணாவது லோட்ல தவிடு 1,150 கிலோ வந்துச்சு, அட கழிவு ஏறிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஆபரேட்டர் அண்ணன் ஒரு கை தவிட்ட எடுத்து உள்ளங்கைல தேச்சு காட்டுனாரு, வெள்ளையா மாவு ஒட்டுச்சு. பாலிஷர்ல இருந்து வர்ற அரிசியத் தொட்டா சூடு அதிகமா இருந்துச்சு. கடைக்காரரு வெள்ளை பத்தலன்னு சொன்னாருன்னு ஒயிட்னர ஜாஸ்தி இறுக்கிட்டாங்க, அரிசியோட மேல்தோல் தாண்டி அரிசியவே சீவியிருக்கு. 170 கிலோ கூடுதல் தவிட்டுக்கு 3,230 கிடைச்சுது, அதே 170 கிலோ அரிசியா இருந்திருந்தா 41 வீதம் 6,970. குருணையும் இதே மாதிரிதான், டிரையர்ல அவசரப்பட்டு காய வெச்சா நெல்லுக்குள்ளயே அரிசி வெடிச்சுரும், குருணை ஏறும், ஷீட்ல கழிவு கூடுன மாதிரி தெரியும், 41 ரூபா பொருள் 21 ரூபாயா மாறுனது தெரியாது. அதனால இப்ப கழிவுத் தொகைய தனியா பாக்கறதில்ல, பக்கத்துலயே அரிசி எத்தன கிலோன்னு வெச்சுத்தான் பாப்பேன்.

இப்ப கணக்க தலைகீழா போடுறேன். அரிசி 41-க்குத்தான் போகும்னா 9,000 கிலோவுக்கு 3,69,000, கழிவு 35,710 கூட்டி, அரவை 39,000-மும் வாடகை கமிஷன் 18,000-மும் கழிச்சா 3,47,710. அத 200-ஆல வகுத்தா மூட்டைக்கு 1,738, இதுதான் லாபமே இல்லாத விலை, ஈரம் 17-ஆ இருந்தா. 20 இருந்தா இன்னொரு 70 ரூபா கொறையணும், அந்த தண்ணி எல்லாம் அரிசியா வராது. போன மாசம் புரோக்கர் 1,780 சொன்னாரு, மீட்டர் வெச்சு பாத்துட்டு 1,700-க்கு மேல முடியாதுண்ணேன்னு சொல்லிட்டேன், லோடு வேற மில்லுக்கு போயிருச்சு. அந்த வாரம் கூலி அரவை மட்டும் ஓட்டுனோம். அடுத்த திங்கக்கிழமை அவரே கூப்புட்டு 1,710-ன்னாரு, எடுத்தோம்.