யார் அந்த ஆய்வாளர்?

ஆய்வேடுகளுக்கு மொழித்திருத்தம் செய்வது என் வேலை. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் இருந்தேன். என் அறிக்கையில் ‘நான்’ எங்கே தலைகாட்டினாலும் வழிகாட்டி சிவப்பு மையால் அடித்துவிடுவார். ‘கரைசலை 80 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கினேன்’ என்று எழுதினால், அது ‘சூடாக்கப்பட்டது’ என்று மாறித் திரும்பும். அந்தத் திருத்தம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சூடாக்கியவர் யாராக இருந்தாலும் அதே படிகம் கிடைக்க வேண்டும். என் கைக்கு மட்டும் கிடைக்கிறது என்றால் என் சோதனையில்தான் பிழை. ஆள் மாறினாலும் மாறாத ஒன்றைச் சொல்லும்போது ஆளைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் மானிடவியல் ஆய்வேடு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு கடற்கரைக் கிராமத்து மீனவக் குடும்பங்களின் கடன் பற்றியது. தன்மைப் பெயர் கூடாது என்பது அந்தத் துறையில் வழங்கிய விதி. அதனால் பக்கம் பக்கமாக ‘ஆய்வாளர் நேர்கண்டார்’, ‘தகவல் பெறப்பட்டது’ என்றே இருந்தது. மூன்றாம் இயலில், பெரும்பாலான வீடுகளில் நகை அடகில் இருப்பதாகத் தகவல் பெறப்பட்டிருந்தது. ஐந்தாம் இயலில், அதே வீடுகளில் அடகுக் கடன் ஏறக்குறைய இல்லை என்றும் தகவல் பெறப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பிழை இல்லை சார். முதல் தடவை நான் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து பெண்களிடம் பேசினேன். இரண்டாவது தடவை என் உதவியாளர் போனார். அவர் ஆண் என்பதால் வீட்டு ஆண்கள்தான் திண்ணையில் வந்து பேசினார்கள். நகை அடகில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது” என்றார்.

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பே அதுதான். கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் சுமக்கும் கடன் அது. ‘பெறப்பட்டது’ என்ற ஒரே வினை இரண்டு வருகைகளையும் ஒன்றாக்கி, அந்தக் கடனை வெறும் முரண்பாடாகக் காட்டிவிட்டது. ஆய்வகத்தில் வெப்பமானி செய்யும் வேலையைக் களத்தில் மனிதர் செய்கிறார். யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. இன்ன வெப்பமானியால் அளந்தேன் என்று வேதியியலார் எழுதுவதைப் போல, கேட்டது நான் என்று மானிடவியலார் எழுதியே ஆக வேண்டும்.

‘ஆய்வாளர்’ என்ற சொல்லும் இதற்கு உதவாது. அதே ஏட்டில் ஒரு பக்கத்தில் ‘ஆய்வாளர் மறுக்கிறார்’ என்று இருந்தது. மறுப்பவர் இந்த மாணவியா, முந்தைய பத்தியில் மேற்கோள் காட்டப்பட்டவரா என்று மூன்று முறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே தன்னைப் படர்க்கையில் குறிக்க வேண்டாம் என்கிறது.

அறிவியலில் எப்போதும் ‘நான்’ விலக்கப்பட்டிருந்தது என்பதும் உண்மை அல்ல. 1672இல் ஒளியையும் நிறங்களையும் பற்றி நியூட்டன் எழுதிய கட்டுரை, தான் முப்பட்டகம் வாங்கி அறையை இருட்டாக்கிய கதையைத் தன்மையிலேயே சொல்கிறது. 1953இல் டி.என்.ஏ. வடிவத்தை அறிவித்த வாட்சனும் கிரிக்கும் ‘நாங்கள்’ என்றுதான் தொடங்கினார்கள். அந்த வடிவம் அப்போது அவர்களின் முன்மொழிவு. அதற்கு ஓர் உரிமையாளர் தேவைப்பட்டார். இன்றைய வேதியியல் கட்டுரைகளிலும் செய்முறைப் பகுதியில் ‘சூடாக்கப்பட்டது’ என்பதை அப்படியே விடுகிறேன். விவாதப் பகுதியில் ‘கருதப்படுகிறது’ என்று வந்தால், கருதுவது யார் என்று ஓரத்தில் எழுதிக் கேட்கிறேன்.

கணிதத்தின் வழி தனி. ஒருவரே எழுதினாலும் ‘n ஒரு பகா எண் எனக் கொள்வோம்’ என்பார். படிப்பவரையும் கூட்டிக்கொண்டு நடக்கும் ‘நாம்’ அது. ஆய்வகக் குழு எழுதும் ‘அளந்தோம்’ என்பதில் இருப்பது ‘நாங்கள்’. படிப்பவர் அங்கே இருந்ததில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 1975இல் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர், தனியாக எழுதிய கட்டுரை முழுவதும் அந்தப் பன்மைச் சொல்லைப் போட்டுவிட்டார். ஒருவர் எழுதியதில் அது செல்லாது என்று நண்பர் எச்சரித்தபோது, எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்வதற்குப் பதில் தன் பூனையை இணையாசிரியராகச் சேர்த்தார். தமிழில் மொழிபெயர்ப்பவர்களிடம் அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘நாமா, நாங்களா’ என்று கேட்கச் சொல்கிறேன்.

அந்த மாணவியின் வழிகாட்டி முதலில் இசையவில்லை. அட்டவணைகளைக் காட்டியபின், களப்பணி இயலில் மட்டும் ‘நான்’ வரலாம் என்றார். மற்ற இயல்களில் ‘ஆய்வாளர்’ அப்படியே இருக்கிறார். ஆனால் எல்லா அட்டவணைகளிலும் ‘கேட்டவர்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. அதன் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ‘நான்’ அல்லது ‘உதவியாளர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.