சாவி தொலைந்த லாக் போல்ட், ஹப்பில் போன மரை

போலோ கார் ஒன்று. சக்கரத்துக்கு ஐந்து போல்ட், அதில் ஒன்று திருட்டைத் தடுக்கும் லாக் போல்ட், அதன் தலையில் மட்டும் பொருந்தும் தனி சாக்கெட்டான சாவியைக் காணோம். இந்த மாதிரி வண்டி வந்தால் முதலில் சுத்தியலை எடுப்பதில்லை, சாவியைத்தான் தேடுவோம். ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள டூல் பெட்டி, டேஷ்போர்டு அறை, கதவுப் பை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக டயர் மாற்றிய கடைக்கும் ஒரு போன் போட வேண்டும். பாதி நேரம் அது அங்கே ஏர் கன் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். அங்கும் இல்லையென்றால், பெரிய சர்வீஸ் சென்டர்களில் எல்லா வடிவச் சாவிகளும் அடங்கிய செட் இருக்கும். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, பொருந்துவதன் எண்ணைக் கொண்டு புதிய சாவி வாங்கலாம். போல்ட் சேதமாகாத வழி இது ஒன்றுதான்.

அது கைகூடாதபோது எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். உள்ளே இடப்பக்கமாக முறுக்கிய பற்கள் கொண்டது. கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப இறுக்கிக் கடிக்கும். போல்ட் தலையில் கையால் தள்ளினாலே ஏறிவிடும் அளவு உதவாது, அதற்கு ஒரு அளவு சிறியது வேண்டும். அலாய் வீலில் போல்ட் குழிக்குள் இருப்பதால் சாக்கெட்டின் சுவரும் மெல்லியதாக இருக்க வேண்டும். தலையைச் சுற்றி வெறுமனே சுழலும் வளையம் உள்ள லாக் என்றால் எக்ஸ்ட்ராக்டர் அந்த வளையத்தைத்தான் சுற்றும். முதலில் உளியால் வளையத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

பலரும் தவறுவது வரிசையில். மற்ற நான்கையும் முதலில் கழற்றிவிட்டால் சக்கரத்தைப் பிடிக்கும் சுமை முழுதும் லாக் போல்ட் மேல் விழும், அது அசையாது. நான்கும் இறுக்கமாக இருக்கும்போதே, வண்டி தரையில் நிற்க, ஹேண்ட் பிரேக் போட்டு, லாக்கை முதலில் தளர்த்த வேண்டும். சாக்கெட்டை அடித்து ஏற்றி, நீண்ட கைப்பிடியில் மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். ஏர் கன் வேண்டாம். அதன் அதிர்வில் பல் வழுக்கும். சூடு காட்டவும் வேண்டாம். பேரிங் கிரீஸ் உருகிவிடும்.

வெளியே வந்த போல்ட்டின் மரையைப் பாருங்கள். பள்ளத்தில் சுருள் கம்பி போலப் பளபளப்பான இரும்பு ஒட்டியிருந்தால், அது சக்கரம் உட்காரும் ஹப்பின் மரை. ஹப்பில் பதிந்த ஸ்டட் மேல் நட்டு ஏறும் ஸ்டட் வண்டிக்கும், போல்ட் நேராக ஹப்புக்குள் ஏறும் போல்ட் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் உறைப்பது இங்கேதான். ஸ்டட்டில் மரை போனால் டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஸ்டட்டைத் தட்டி வெளியேற்றி, புதியதைப் பின்பக்கமிருந்து நுழைத்து, வாஷர்கள் போட்டு நட்டை இறுக்கியே இழுத்து உட்கார வைக்கலாம். (ஸ்டட்டே ஹப்பில் சுழல ஆரம்பித்தால் நட்டை அறுக்காமல் வழியில்லை.) போல்ட் வண்டியில் போனது ஹப்பின் மரை.

14 மில்லி விட்டம், 1.5 பிட்ச் உள்ள மரை வெட்டும் டேப்பைக் கையால் ஓட்டிச் சுத்தம் செய்து, நல்ல போல்ட் ஒன்றை விரலால் ஏற்றிப் பார்க்கவும். ஆடாமல் ஏழெட்டு சுற்று உள்ளே போக வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். "கிளிக்" வராமல் திரும்பிக்கொண்டே போனால் மரை முடிந்தது. அடுத்த அளவுக்குத் துளைத்து எஃகு புஷ் போடும் வேலை உண்டு, ஆனால் துளை ஹப்புக்கு நேர் செங்குத்தாக இறங்க வேண்டும், கைத் துளைப்பானில் அது வராது. ஹப்பை மாற்றுவதே எங்கள் கட்சி.

மரை போவதற்குப் பெரும்பாலும் காரணம் மாட்டும் முறைதான். போல்ட் வண்டியில் சக்கரத்தைத் தொங்க வைக்க ஸ்டட் கிடையாது. சக்கரத்தின் எடை போல்ட் மேல் சாய, அது கோணலாக நுழைகிறது, அதன் மேல் கன். தலையில்லாத நீளமான வழிகாட்டிக் கம்பி ஒன்றை மேல் துளையில் திருகி, அதில் சக்கரத்தை மாட்டினால் துளைகள் நேராகும். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றியபின்தான் ஸ்பானர். மரையில் எண்ணெய் தடவினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

ஸ்டட் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மாருதியின் நட்டு 12 மில்லி, 1.25 பிட்ச், ஹூண்டாயினுடையது 12 மில்லி, 1.5. மாறிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறி நின்றுவிடும். அந்த இடத்தில் கன் போட்டால் இரண்டு மரையும் காலி.

போலோவுக்கு லாக் போல்ட்டுக்குப் பதில் சாதாரண போல்ட் போடும்போது தலைக்கு அடியில் உள்ள வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி வீலுக்கு உருண்டை, வெளி அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும், சில நூறு கிலோமீட்டரில் தளரும். பொருத்தி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் 120 வைத்துப் பார்க்கவும்.